‘கண்ணு பட்டுடும்’ என்று ஒரு ஸ்டிக்கர்

வேலை கிடைத்துவிட்டது, வீடு வாங்கியாயிற்று, பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. எந்த நல்ல சேதியாக இருந்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கேக்கும் பூங்கொத்தும் வந்து குவியும். அந்த வரிசையில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ ஓர் எலுமிச்சம்பழம் தொங்கும். அதோடு கோத்த பச்சை மிளகாய், சில சமயம் மேலே நாக்கைத் துருத்திய பூத முகம், கீழே ‘கண்ணு படாம இருக்கணும்’ என்று ஒரு வரி. படத்தை அனுப்பியவரும் சிரிக்கிறார், வாங்கியவரும் சிரிக்கிறார். யாரும் அதை நிஜமான பரிகாரமாக நினைப்பதில்லை. ஆனாலும் அது இல்லாவிட்டால் ஏதோ ஒன்று குறைவது போல இருக்கிறது.

இந்தப் படத்தைப் பலர் பலவிதமாக அனுப்புகிறார்கள் என்பதைக் கவனித்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். சேதி சொன்னவரே தன் படத்தின் ஓரத்தில் நீலக் கண் ஒன்றை ஒட்டி வைப்பது ஒரு வகை. வாழ்த்துகிறவர், ‘என் கண்ணே பட்டுடும் போலிருக்கு, சுத்திப் போடுங்க’ என்று அனுப்புவது இன்னொரு வகை. பெயர் சொல்லாமல் யாரையோ மனத்தில் வைத்துக்கொண்டு, ‘வயிறெரியுறவங்களுக்கு’ என்று ஸ்டேட்டஸில் போடுவது மூன்றாவது. படம் மூன்றிலும் ஒன்றேதான். முதல் வகைக்கு யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, இரண்டாவது உறவை வளர்க்கிறது, மூன்றாவதால் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு.

அந்த நீலக் கண் நம் ஊர்ச் சரக்கு இல்லை. துருக்கி, கிரேக்கம் முதலான நாடுகளில் வாசலிலும் குழந்தையின் சட்டையிலும் மாட்டும் கண்ணாடி மணி அது. 2018-இல் வெளியான யூனிகோடு 11.0 தொகுப்பில் அதற்கு ஓர் இமோஜி கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வசதியைக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் கைக்கு வந்ததால், கண் திருஷ்டி என்பது கட்டைவிரலால் தட்டி அனுப்பும் சமாசாரமாக ஆகிவிட்டது. நம்முடைய எலுமிச்சை மிளகாய்க்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இமோஜியில் எலுமிச்சை உண்டு, மிளகாயும் உண்டு, ஆனால் அந்த மிளகாய் சிவப்பு. கடை வாசலில் தொங்குவதோ பச்சை. இரண்டையும் கோத்த சரம் தனி இமோஜியாக இல்லாததால் ஆளாளுக்கு ஸ்டிக்கர் செய்துகொண்டார்கள். ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய சாவிக்கொத்தில் நீலக் கண்ணும், அதே ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வாடிய எலுமிச்சையும் தொங்குவதை இப்போது எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

அசல் சரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழக்கமான கணக்கு ஓர் எலுமிச்சைக்கு 7 மிளகாய். ஊசியில் நூலோ கம்பியோ கோத்து மிளகாயைக் குத்தி ஏற்றுவார்கள். சில இடங்களில் அடியில் ஒரு கரித்துண்டும் இருக்கும். வட இந்தியாவில் சனிக்கிழமைதான் இதற்குரிய நாள். பையன்கள் கொத்தாக எடுத்துக்கொண்டு கடை கடையாக வந்து, பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிப் போவார்கள். இதற்கு அங்கே சொல்லும் காரணம் அழகானது. லட்சுமியின் அக்காள் அலட்சுமி, அதாவது நம் மூதேவி, புளிப்பும் காரமும் விரும்பிச் சாப்பிடுகிறவள். வாசலிலேயே அவளுக்குப் பிடித்தது கிடைத்துவிட்டால் சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவாளாம், உள்ளே வரமாட்டாளாம். விரட்டுவதைவிட விருந்து வைத்து அனுப்பிவிடலாம் என்ற யோசனை. நம் பக்கம் வாசலில் படிகாரம், ஆகாச கருடன் கிழங்கு, கட்டுகிற வீட்டுக்கு முன்னால் வைக்கோல் பொம்மை, அமாவாசைக்கும் ஆயுத பூஜைக்கும் பூசணிக்காய் என்று பட்டியல் நீளம். எலுமிச்சை மிளகாய்ச் சரம் அந்தப் பட்டியலில் ஓர் உருப்படி.

இந்தச் சரத்துக்கு ‘அறிவியல் விளக்கம்’ ஒன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பருத்தி நூல் பழத்தின் சாற்றை உறிஞ்சி, வைட்டமின் சி-யைக் காற்றில் பரப்புகிறதாம், அதைச் சுவாசித்தால் உடம்புக்கு நல்லதாம். வைட்டமின் சி சாதாரண வெப்பத்தில் ஆவியாகிப் பறக்கிற பொருள் இல்லை. எலுமிச்சையின் மணம் தோலிலுள்ள எண்ணெயிலிருந்து வருகிறது. மிளகாயின் காரமும் நெருப்பில் இட்டாலொழியக் காற்றில் ஏறாது. மூதேவிக்கு விருந்து என்று சொன்ன பாட்டியின் கதையில் குறைந்தபட்சம் ஒரு மனிதக் கவலை இருந்தது. இந்த விளக்கத்தில் அதுவும் இல்லை.

எலுமிச்சை பெரிய அளவில் கேலிப் படமானது 2019 அக்டோபர் 8-ஆம் தேதி. விஜயதசமி நாளில் பிரான்ஸின் மெரின்யாக் நகரில் இந்தியாவுக்கான முதல் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், அதன்மேல் குங்குமத்தால் ஓம் எழுதி, தேங்காய் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அன்று மாலையே விமானத்தின் மூக்கில் மிளகாய்ச் சரம் தொங்கும் படங்கள் நாடெங்கும் பறந்தன. இதில் ஒரு நுணுக்கம் நழுவிப்போனது. சக்கரத்தடியில் வைத்து நசுக்கும் எலுமிச்சை புது வண்டிக்குக் கொடுக்கும் காவு. வாசலில் தொங்கவிடும் எலுமிச்சை கண்ணுக்குக் கட்டும் காவல். கேலி செய்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அன்று முதல் புது கார் சாவியோடு யார் படம் போட்டாலும் பதிலுக்கு எலுமிச்சை வருவது ஏறக்குறைய சம்பிரதாயமாகிவிட்டது.

பொறாமைக்குப் பயப்படுகிற மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1972-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மெக்சிகோவில் ஒரு கிராமத்தைப் பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்தவர் அவர். ஊரில் இருக்கும் நல்லது ஓர் அளவுதான், ஒருவனுக்குக் கூடினால் இன்னொருவனுக்குக் குறையும் என்ற நினைப்பு அந்த மக்களிடம் இருந்ததை ஏற்கெனவே எழுதியிருந்தார். அப்படி நினைக்கிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனின் லாபம் என் நஷ்டம். அதனால் லாபம் அடைந்தவன் வரிசையாகச் சில வழிகளைத் தேடுகிறான் என்பது ஃபாஸ்டரின் கணிப்பு. முதலில் மறைப்பான். மறைக்க முடியாவிட்டால், ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று மறுப்பான். மறுக்கவும் முடியாவிட்டால் வாயை இனிக்க வைக்க ஏதாவது கொஞ்சம் கொடுப்பான். அதுவும் போதாத இடத்தில்தான் நிஜமாகவே பங்கு போடுவான்.

இதைப் படிக்கும் தமிழருக்கு மெக்சிகோ தூரமாகத் தெரியாது. மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லாதே என்பதும், பத்திரப்பதிவு முடியும்வரை வீட்டைப் பற்றி வாய் திறக்காதே என்பதும் முதல் வழி. ‘எங்கங்க, எல்லாம் பேங்க் லோன். இருபது வருஷம் கட்டணும்’ என்பது இரண்டாவது. ‘ட்ரீட் எப்போ?’ என்று கேட்டு பிரியாணி வாங்கிக்கொள்வது மூன்றாவது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் வான் டி வென் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. தகுதி இல்லாமல் கிடைத்த ஒரு சலுகையால் தன்மேல் கெட்ட பொறாமை வரலாம் என்று பயந்தவர்கள், அந்தப் பொறாமைக்காரர் கீழே தவறவிட்ட ரப்பர்களைப் பொறுக்கிக் கொடுக்க அதிகம் முன்வந்தார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம் ஆளைக் கொஞ்சம் நல்லவனாகவும் நடக்க வைக்கிறது.

செல்போன் வந்தபோது முதலில் கெட்டது அந்த முதல் வழிதான். முன்பெல்லாம் நல்ல சேதியை யாருக்கு, எந்த வரிசையில், எந்தக் குரலில் சொல்வது என்பது சொல்கிறவர் கையில் இருந்தது. மாமாவிடம் சந்தோஷமாக, கல்யாணம் தள்ளிப்போகும் நாத்தனாரிடம் அடக்கமாக, கடன் கொடுத்தவரிடம் சொல்லாமலே. ஸ்டேட்டஸில் போட்டால் பால்காரர் முதல் பழைய மேனேஜர் வரை ஒரே நொடியில், ஒரே குரலில் போய்ச் சேர்கிறது. சிலர் ‘இவர்களைத் தவிர’ என்ற அமைப்பைத் திறந்து ஓர் ஓர்ப்படியை மட்டும் கழித்துவிட்டுப் போடுகிறார்கள். திருஷ்டி நம்பிக்கை எல்லாம் இல்லை என்பவர்களும் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மறைக்க முடியாதவர்களுக்குத்தான் எலுமிச்சைப் படம் உதவிக்கு வருகிறது. ‘நான் பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று எனக்கே தெரியும், அதைக் கொஞ்சம் கேலியும் செய்துகொள்கிறேன்’ என்று அது சொல்கிறது. ஃபாஸ்டர் சொன்ன மறுப்பின் புது வடிவம் இது.

ஆனால் படம் எப்போது வேலை செய்கிறது, எப்போது வினையாகிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுத் திருஷ்டி கழிப்பைத்தான் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் உங்கள் குழுவில் இவர்கள் எல்லோரும் இருப்பார்கள்.

இன்ஜினியரிங் கடைசி வருஷப் பெண் ஒருத்திக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்கிறது. அப்பா ஆர்வக்கோளாறில் ஆஃபர் லெட்டரை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சம்பளத் தொகையோடு குழுவில் போட்டுவிடுகிறார். தாய்மாமா உடனே எலுமிச்சை ஸ்டிக்கர் ஒன்றை அனுப்பி, ‘மச்சான், நம்பரை மறைச்சிருக்கக் கூடாதா? இப்ப என் கண்ணுலேர்ந்தே புள்ளையக் காப்பாத்தணும்’ என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். மாமாவின் இந்த ஒரு வரி செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. தொகையைப் போட்டது அதிகம் என்பதை அப்பாவுக்கு உறைக்காமல் உறைக்க வைத்துவிட்டார். குழுவில் பொறாமை இருக்கலாம் என்பதையும் வெளியே சொல்லிவிட்டார். அதைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டதால் வேறு யாருக்கும் அது சுடவில்லை.

அதே குழுவில் அப்பாவின் தங்கையும் இருக்கிறாள். அவள் மகனும் அதே வருஷம், அதே படிப்பு, நாலு கம்பெனி வந்து போயும் இன்னும் ஒன்றும் அமையவில்லை. அத்தை ஒரு கைதட்டலும் ‘வாழ்த்துகள்டா தங்கம்’ என்ற வரியும் போட்டுவிட்டு அடங்கிவிடுகிறாள். அவளுக்கு வருத்தம் இருந்திருக்கும், அதில் பெண்மேல் கோபம் எதுவும் இல்லை. ராத்திரி பெண்ணின் அண்ணன் தன் ஸ்டேட்டஸில் தங்கையின் படத்தைப் போட்டு, பக்கத்தில் எலுமிச்சை மிளகாயும் தொங்கவிட்டு, ‘எரியுறவங்க எரியட்டும்’ என்று எழுதுகிறான். அவன் நினைத்தது கல்லூரியில் கூடப் படித்த யாரையோ. அத்தைக்கு அது தெரியாது. அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களில் ‘எரிவதற்கு’க் காரணம் உள்ள ஒரே உறவு தான்தான் என்று அவளுக்குப் படுகிறது. மறுநாள் அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை.

மாமாவின் படமும் அண்ணனின் படமும் ஒரே ஸ்டிக்கர். வித்தியாசம், கண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் இருக்கிறது. மாமா தன் கண் என்றார். அண்ணன் யாரோ ஒருத்தர் கண் என்றான், அந்த யாரோ இடத்தில் போய் உட்கார அத்தை மட்டுமே தோதாக இருந்தாள்.

இனி அந்த வீட்டுப் பெரியம்மா செய்வதைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் மகனையும் சாப்பிட வரச் சொல்கிறாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல், ‘வாடி, நீயும் வாடா, ரெண்டு பேரும் கிழக்கப் பாத்து உக்காருங்க’ என்று வேலை கிடைத்தவளையும் கிடைக்காதவனையும் சேர்த்தே உட்கார வைக்கிறாள். கைப்பிடி கல் உப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு, வாசல் மண் ஒரு சிட்டிகை. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு வலமும் இடமும் மும்மூன்று முறை சுற்றுகிறாள். சுற்றும்போது வாய்க்குள் ஒரு பட்டியல் ஓடும். ஊரார் கண், உறவுக்காரர் கண், தெருவில் போகிறவர் வருகிறவர் கண், நாய் நரியின் கண்கூட வரும், கடைசியில் பெற்ற தாயின் கண்ணும் வந்துவிடும். மூன்று முறை ‘தூ தூ தூ’ என்று துப்பச் சொல்லிவிட்டு அடுப்பில் போடுவாள்.

அந்தப் பட்டியல்தான் இந்தச் சடங்கின் சாமர்த்தியம். எல்லோருடைய கண்ணையும் சொல்லிவிட்டால் யாருடைய கண்ணையும் சொன்னதாக ஆகாது. அத்தை பக்கத்திலேயே நின்றுகொண்டு கேட்கலாம். ‘உறவுக்காரர் கண்’ என்ற இடத்தில் அவளும் அடக்கம், சுற்றிப்போடும் பெரியம்மாவும் அடக்கம், தாய்க் கண் என்று பெண்ணின் அம்மாவே அடக்கம். ஆசையாகப் பார்ப்பதும் பொறாமையாகப் பார்ப்பதும் ஒரே கண்தான், இரண்டும் ஒரே வீட்டில் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. குழந்தை கன்னத்தில் மைப்பொட்டு வைக்கும் அம்மா யாரையும் குற்றம் சாட்டுவதில்லை, தான் கொஞ்சும் கொஞ்சலுக்கும் சேர்த்தேதான் வைக்கிறாள்.

அதனால் குழுவில் வரும் படத்தை எடைபோட எளிய வழி உண்டு. அனுப்பியவர் வாழ்த்தை முதலில் சொன்னாரா, படத்தை மட்டும் வீசினாரா என்று பாருங்கள். கண்ணைத் தன் பேரில் எழுதிக்கொண்டாரா, பிறர் பேரில் எழுதினாரா என்று பாருங்கள். நல்ல சேதிக்காரரே போட்டிருந்தால் அதே மூச்சில் கடனையோ காத்திருப்பையோ ட்ரீட்டையோ ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கவனியுங்கள். வெறும் பெருமையும் நீலக் கண்ணும் மட்டும் இருந்தால், பார்க்கிற அத்தனை பேரையும் சந்தேகப் பட்டியலில் வைத்ததாகத்தான் அது படும். தோல்வியோ இழப்போ கண்ட ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால், எந்தப் படமும் அன்றைக்கு வேண்டாம். அவருக்குத் தனியாக ஒரு போன் செய்துவிட்டு அப்புறம் குழுவில் போடலாம்.

எல்லா வீட்டுக்கும் இந்தக் கேலி ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணேறு உண்டு என்பது இஸ்லாமிய மரபிலும் இருக்கிறது. அதனால் தமிழ் முஸ்லிம் வீடுகளில் குழந்தையையோ புது வீட்டையோ புகழும்போது ‘மாஷா அல்லாஹ்’ சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் கண்ணுக்குக் காவலாக எதையும் கட்டித் தொங்கவிடுவதை மார்க்க அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. நீலக் கண்ணை அங்கே விளையாட்டாக அனுப்பினாலும் சங்கடமாகும். கிறிஸ்தவ வீடுகளிலும் இதே தயக்கம் உண்டு. மாறாக, முழு நம்பிக்கையோடு இருக்கும் பாட்டிமார்களுக்கு வேறொரு குறை: படத்தில் தொங்கும் எலுமிச்சை வாடுவதில்லை. வாடினால்தான் கண்ணை அது வாங்கிக்கொண்டது என்று அவர்களுக்கு அர்த்தம். வாங்கிக்கொண்டதை முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். போனில் தொங்குவதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

நம் பெரியம்மா வீட்டுக்கு வருவோம். முன்பு விறகடுப்பில் போட்டால் உப்பு படபடவென்று வெடிக்கும், மிளகாய் நெடி வந்தால் கண் இல்லை, நெடியே வராவிட்டால் நிறையக் கண் பட்டிருக்கிறது என்பது கணக்கு. கொழுந்துவிட்டு எரியும் தீயில் மிளகாய் முழுசாக எரிந்துபோகும், நெடி குறைவாக இருக்கும். கனலில் புகைந்தால் வீடே இருமும். கண்ணின் அளவைக் காட்டியது பெரும்பாலும் அடுப்பின் சூடுதான். இப்போது பெரியம்மாவுக்கு இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட்டில் கேஸ் அடுப்பு. இரும்புத் தோசைக்கல்லைக் காய வைத்து அதில் போடுகிறாள். அரை நிமிஷத்தில் அத்தை, அத்தை மகன், வேலை கிடைத்தவள், ஸ்டேட்டஸ் போட்ட அண்ணன் எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரத் தும்மிக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன கருகுகிறது என்று கேட்கிறார். ‘நெடி நல்லா வருதுல்ல, அப்ப ஒண்ணும் இல்ல’ என்கிறாள் பெரியம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு தட்டில் கேசரி வைத்து அனுப்புகிறாள்.